45 கிலோவாட் என்று சொல்லப்பட்ட ஓடையில் 900 வாட்

பழனி மலையின் கீழ்ச்சரிவில் காப்பியும் மிளகும் கலந்து நிற்கும் ஒரு தோட்டம். அதன் நடுவே ஓர் ஓடை, பாறைகளில் படிப்படியாக இறங்கிப் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அதன் சத்தம் வீட்டுத் திண்ணை வரை கேட்கும். மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் அறுந்தால் தோட்டத்துக்கு நாட்கணக்கில் கரன்ட் கிடையாது. இவ்வளவு தண்ணீர் பக்கத்திலேயே ஓடும்போது இருட்டில் உட்கார்ந்திருப்பானேன் என்று தோட்டக்காரருக்குத் தோன்றியது நியாயம்தான்.

டர்பைன் விற்பவர் ஒருவர் நவம்பரில் வந்து ஓடையைப் பார்த்துவிட்டு, 45 கிலோவாட் வரும் என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்தத் தாளைப் பார்க்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கணக்கில் பெருக்கல் பிழை ஒன்றும் இல்லை. வாய்பாடும் சரிதான்:

```
P = 9.81 × Q × H × η
```

Q என்பது வினாடிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், H என்பது எத்தனை மீட்டர் இறக்கம், η என்பது அந்த நீரின் சக்தியில் எவ்வளவு பங்கு மின்சாரமாகக் கைக்கு வருகிறது என்பது. விடை வாட்டில் வரும். தாளில் Q 75, H 61, η 1 என்று இருந்தது. பெருக்கினால் 44,900 வாட் வரும். மூன்று எண்களும் ஓடையோடு ஒட்டவில்லை. அவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டு போனபோது 45 கிலோவாட் எங்கே வந்து நின்றது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் 75 லிட்டர். அவர் செய்தது மிதவை முறை. ஓடை ஓரளவு நேராக ஓடும் 6 மீட்டர் தூரத்தில் ஒரு மரத்துண்டை மிதக்கவிட்டு நேரம் பார்த்திருக்கிறார். 20 வினாடி ஆனது, அதாவது வினாடிக்கு 30 சென்டிமீட்டர். ஓடையின் அகலம் 1.4 மீட்டர், சராசரி ஆழம் 18 சென்டிமீட்டர், எனவே குறுக்குப் பரப்பு கால் சதுர மீட்டர். வேகத்தையும் பரப்பையும் பெருக்கினால் 75 லிட்டர்.

இதில் விட்டுப்போனது, மரத்துண்டு மேற்பரப்பில் போகிறது என்பது. நடு ஓடையின் மேல்மட்டத் தண்ணீர்தான் இருப்பதிலேயே வேகமாக ஓடும். அடியில் கற்களோடும் கரையில் வேர்களோடும் உரசும் தண்ணீர் தயங்கித் தயங்கித்தான் நகரும். சிமென்ட் பூசிய வாய்க்காலில் மேற்பரப்பு வேகத்தை 0.85 ஆல் பெருக்கினால் சராசரி கிடைத்துவிடும். உருண்டைக்கல் நிறைந்த, முழங்காலுக்கும் கீழே ஆழமுள்ள மலை ஓடைக்கு 0.6 என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. அப்படிச் செய்தால் 75 லிட்டர் 45 ஆகிவிடும். அதுவும் உத்தேசம்தான், ஏனென்றால் 18 சென்டிமீட்டர் சராசரி ஆழம் என்பதே நாலைந்து இடத்தில் குச்சி விட்டுப் பார்த்த கணக்கு. ஓடையை முதன்முதலாகப் பார்க்கும் நாளில் ஒரு அடிப்படை மதிப்பு வேண்டும் என்றால் மிதவை போதும். குழாய் வாங்கும் முடிவை அதை நம்பி எடுக்கக்கூடாது.

அப்புறம் முக்கோண வெட்டுப் பலகை வைத்தோம். தடித்த பலகை ஒன்றின் மேல் விளிம்பில் சரியாக 90 டிகிரி கோணத்தில் V மாதிரி ஒரு வெட்டு. வெட்டின் விளிம்பில் தகரம் அடித்து, தண்ணீர் கூரான ஓரத்தைத் தொட்டுக்கொண்டு விழும்படி செய்தோம். பலகையை ஓடையின் குறுக்கே நிறுத்தி, அடியிலும் பக்கத்திலும் களிமண்ணும் பிளாஸ்டிக் தாளும் வைத்து அடைத்ததும், ஓடை முழுவதும் அந்த வெட்டு வழியாக மட்டுமே போக வேண்டியதாயிற்று. வெட்டின் அடிமுனையிலிருந்து நீர்மட்டம் எத்தனை உயரம் என்று அளந்தால் ஓட்டம் தெரிந்துவிடும்:

```
Q = 1380 × h^2.5
```

இங்கே h மீட்டரில், Q வினாடிக்கு லிட்டரில். நவம்பரில் மட்டம் 24.5 சென்டிமீட்டர் காட்டியது, அதாவது 41 லிட்டர். திருத்திய மிதவைக் கணக்கின் 45-க்குப் பக்கத்தில் வந்ததால் இரண்டு அளவுகளும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டன.

பலகை முறை எளிதுபோலத் தெரிந்தாலும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. வெட்டை நெருங்கும்போது தண்ணீர் வளைந்து தாழ ஆரம்பித்துவிடும். வெட்டிலேயே அளவுகோலை வைத்தால் மட்டம் குறைவாகத்தான் தெரியும். அதனால் வெட்டின் உயரத்தைப்போல் நாலு மடங்கு தள்ளி, எங்கள் கணக்கில் ஒரு மீட்டர் மேலே, தேங்கிய நீரில் ஒரு முளை அடித்தோம். மேஸ்திரிகள் சுவர் மட்டம் பார்க்கும் டியூப் லெவலை வைத்து, முளையில் அடித்த ஆணியும் வெட்டின் அடிமுனையும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி சரிசெய்தோம். அளவெல்லாம் அந்த ஆணியிலிருந்துதான். இந்த மெனக்கெடல் எதற்கு என்றால், ஓட்டம் உயரத்தின் இரண்டரை அடுக்கில் ஏறுகிறது. மட்டம் 11.5 சென்டிமீட்டர் இருந்தால் 6.2 லிட்டர், 12.5 இருந்தால் 7.6 லிட்டர். ஒரு சென்டிமீட்டர் தவறாகப் படித்தால் கணக்கில் கால்வாசி எகிறிவிடும்.

பலகையின் அடியில் கசிவு இருக்கிறதா என்றும் அடிக்கடி பார்க்க வேண்டும். கீழ்ப்பக்கம் போய் நின்றால், வெட்டிலிருந்து விழும் தண்ணீரைத் தவிர வேறெங்காவது ஊற்றுப்போல் குமிழி வந்தால் தெரிந்துவிடும். வெட்டுக்குக் கீழே தண்ணீர் தேங்கி, விழும் நீர் காற்றில் விழாமல் குளத்தில் முங்கினாலும் அந்த அளவு செல்லாது.

பலகையை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டு, மட்டத்தை நோட்டில் குறிக்கத் தோட்டத்து ஆள் ஒருவரிடம் சொல்லிவைத்தோம். ஜனவரியில் 18 சென்டிமீட்டர், அதாவது 19 லிட்டர். மார்ச் நடுவில் 13, அதாவது 8.4 லிட்டர். மார்ச் கடைசியில் 11.5, அதாவது 6.2 லிட்டர். ஏப்ரலில் கோடை மழை விழுந்ததும் ஏறத் தொடங்கியது. ஆகஸ்டில் 15, அதாவது 12 லிட்டர்.

மார்ச் கடைசி எண்ணைத்தான் நான் ரொம்பக் கவனமாகச் சோதித்தேன். ஓட்டம் குறைவாக இருந்ததால், வெட்டிலிருந்து விழும் தண்ணீரை ஒரு தகரத்தில் ஏந்தி 200 லிட்டர் டிரம்முக்குள் திருப்பிவிட முடிந்தது. நிறைய 33 வினாடி ஆனது, அதாவது 6 லிட்டருக்குக் கொஞ்சம் கூட. இதையே 15 லிட்டர் வாளியில் செய்திருந்தால் இரண்டரை வினாடியில் நிறைந்திருக்கும். கடிகாரத்தை அமுக்குவதில் அரை வினாடி பிசகினாலே ஐந்தில் ஒரு பங்கு தவறு. பாத்திரம் நிறைய அரை நிமிடமாவது ஆக வேண்டும்.

அடுத்தது உயரம். தாளில் இருந்த 61 மீட்டர், கைபேசியில் மேலே ஒரு தடவையும் கீழே ஒரு தடவையும் பார்த்துக் கழித்தது. கைபேசியின் உயரக் கணக்கு மரமடர்ந்த பள்ளத்தாக்கில் பத்துப் பதினைந்து மீட்டர் தவறுவது சாதாரணம். பல நூறு மீட்டர் இறக்கத்துக்கு அது கண்டுகொள்ளாத பிழையாக இருக்கலாம். இங்கே அது கால்வாசி மின்சாரம்.

நல்ல வேளையாக, தோட்டத்தில் ஸ்பிரிங்ளருக்கு வாங்கிய அரை அங்குல ஹோஸ் நிறைய இருந்தது. மேலே தொட்டி கட்ட நினைத்த இடத்திலிருந்து, கீழே இயந்திரம் வைக்க நினைத்த இடம் வரை அதை இழுத்து, காற்றெல்லாம் வெளியேறும்வரை தண்ணீரை ஓடவிட்டு, கீழ் முனையில் பிரஷர் கேஜ் ஒன்றைப் பொருத்தி மூடினோம். தண்ணீர் அசையாமல் நிற்கும்போது ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் கேஜ் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ காட்டும். முள் 4.6-ல் நின்றது. 46 மீட்டர். கேஜ் வாங்கும்போது 7 கிலோ வரை காட்டுவதாகப் பார்த்து வாங்க வேண்டும். 21 கிலோ கேஜில் இந்த முள் ஒரு மூலையில் ஒடுங்கி நிற்கும், அரைக் கிலோ வித்தியாசம்கூடச் சரியாகத் தெரியாது. ஹோஸின் நடுவில் எங்காவது மேடாகி அங்கே காற்று மாட்டியிருந்தால் கேஜ் குறைவாகக் காட்டும். அதனால் தண்ணீரைத் திறந்துவிட்டு மூடி இன்னொரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

ஓடை இறங்கும் முழு உயரமும் நமக்குக் கிடைக்காது என்பதையும் தோட்டக்காரருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இயந்திரத்தை வெள்ள மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். பாறையில் பழைய வெள்ளத்தின் சருகுக்கோடு எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்கும் இரண்டு மீட்டர் மேலேதான் இடம் குறித்தோம். பெல்டன் சக்கரம் என்கிற டர்பைனில் தண்ணீர் பீய்ச்சியடித்துச் சக்கரத்தைத் திருப்பிவிட்டுக் கீழே விழுகிறது. அந்தப் பீய்ச்சுகுழாய் இருக்கும் மட்டத்துக்குக் கீழே எவ்வளவு உயரம் மிச்சமிருந்தாலும் கணக்கில் சேராது.

சரி, இதுவரை 45 கிலோவாட் என்ன ஆயிற்று? மிதவையைத் திருத்தியதும் 27 கிலோவாட். உயரத்தைத் திருத்தியதும் 20. மார்ச் கடைசியின் 6.2 லிட்டரை வைத்ததும் 2.8 கிலோவாட். பெரிய வீழ்ச்சி இந்த இடத்தில்தான். வருஷம் முழுக்க எரிய வேண்டிய விளக்குக்கு, ஓடை வருஷத்தில் எந்த வாரம் இளைத்திருக்கிறதோ அந்த வாரம்தான் கணக்கு. நவம்பர் ஓட்டத்தில் கணக்குப் போடுவது, பொங்கல் போனஸை மாதச் சம்பளம் என்று எண்ணி வீட்டுக்கடன் வாங்குவதுபோல.

தண்ணீர் முழுவதையும் எடுத்துவிடவும் முடியாது. டர்பைன் தண்ணீரைக் குடித்துவிடுவதில்லை, கீழே ஓடைக்கே திருப்பிவிடுகிறது. ஆனால் தொட்டிக்கும் இயந்திரத்துக்கும் நடுவிலுள்ள ஓடைத்துண்டு காய்ந்துபோகும். அந்தத் துண்டில்தான் பக்கத்துத் தோட்டத்துக்காரர் குடிதண்ணீர் ஹோஸ் போட்டிருந்தார். ஓடையிலிருந்து எடுக்க அனுமதி வாங்கும்போதும் இதைத்தான் முதலில் கேட்பார்கள். வினாடிக்கு ஒன்றரை லிட்டர் எப்போதும் ஓடையிலேயே போகும்படி, தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பும் தடுப்பின் அடியில் ஒரு துளையை நிரந்தரமாகத் திறந்து வைத்தோம். தொட்டிக்கு மிஞ்சியது 4.7 லிட்டர். அதை 4.5 என்று இறக்கி வைத்துக்கொண்டேன்.

இப்போது குழாய். தோட்டக்காரரிடம் 63 மில்லிமீட்டர் கறுப்புக் குழாய் சுருள் சுருளாகக் கிடந்தது. "இதையே போட்டுக்கலாமே தம்பி, தண்ணி வேகமாத்தானே வருது" என்றார். வேகமாக வருவதுதான் தொந்தரவு. குறுகின குழாயில் தண்ணீர் வேகமாகப் போனால் சுவரோடு உரசுவதிலேயே அழுத்தம் கரைந்துவிடும். சரிவில் குழாயின் நீளம் 210 மீட்டர். 63 மில்லிமீட்டர் குழாயின் உள்விட்டம் 5.7 சென்டிமீட்டர். அதில் 4.5 லிட்டர் போனால் 46 மீட்டரில் கிட்டத்தட்ட 11 மீட்டர் உரசலுக்கே போய்விடும். மழைக்காலத்தில் 9 லிட்டர் விட நினைத்தால் கணக்குப்படி 39 மீட்டர் போய், இயந்திரத்துக்கு 7 மீட்டர்தான் மிஞ்சும். அந்தக் குழாயில் வால்வைத் திறக்கத் திறக்க ஒரு கட்டம் வரை மின்சாரம் கூடும், அதற்கு மேல் திறந்தால் குறையும். மூன்றில் ஒரு பங்கு உயரம் உரசலில் கரையும் இடம்தான் அந்த உச்சம். இந்தக் குழாய்க்கு அது 5.4 லிட்டரிலேயே வந்துவிடுகிறது.

110 மில்லிமீட்டர் பிவிசி குழாயில், உள்விட்டம் சுமார் 10 சென்டிமீட்டர் என்று வைத்தால், 4.5 லிட்டருக்கு இழப்பு 0.7 மீட்டர், 9 லிட்டருக்கு இரண்டரை மீட்டர். வளைவு, வடிகட்டி, வால்வு என்று இன்னும் கொஞ்சம் போகும். கோடையில் 45 மீட்டர், மழையில் 43 மீட்டர் என்று நிகர உயரத்தை வைத்துக்கொண்டேன். குழாய்க்குச் செலவு கூடியது, தோட்டக்காரர் முகம் சுருங்கியது. காட்டுமாடு மிதிக்கும் என்பதாலும் வெயிலில் பிவிசி நொறுங்கும் என்பதாலும் மண்ணுக்கு அடியில்தான் பதிக்க வேண்டும் என்றதும் இன்னும் கொஞ்சம் சுருங்கியது. வால்வைச் சட்டென்று மூடினால் ஓடுகிற தண்ணீர் மோதி, அழுத்தம் 4.6-ஐ எங்கேயோ தாண்டிப் போகும். அதற்காகக் கீழ்ப்பகுதிக்கு 10 கிலோ தாங்கும் குழாயும், திருகித் திருகி மெதுவாக மூடும் வால்வும் போட்டோம்.

கடைசியாக η. உள்ளூர் பட்டறையில் செய்த சிறிய பெல்டன் சக்கரத்துக்கு 70 சதவீதம் என்று வைப்பது நியாயம். ஜெனரேட்டர் முழுச்சுமையில் 80 சதவீதம், பாதிச்சுமையில் 70. வீடு வரை போகும் கம்பியில் 5 சதவீதம் கரையட்டும். பெருக்கினால் மழைக்காலத்தில் 0.53, கோடையில் 0.465. தாளில் இருந்த 1 எந்த இயந்திரத்துக்கும் வராது.

கோடையில் 9.81 × 4.5 × 45 × 0.465. ஏறக்குறைய 920 வாட். மழையில் 9.81 × 9 × 43 × 0.53. இரண்டு கிலோவாட்.

இரண்டு ஓட்டத்துக்கும் ஒரே இயந்திரம் போதும்படி செய்தது நாசில் எனப்படும் பீய்ச்சுகுழாய்கள்தான். 45 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீர் நாசிலை விட்டு வினாடிக்கு ஏறக்குறைய 29 மீட்டர் வேகத்தில் வெளியே வரும். 4.5 லிட்டர் அந்த வேகத்தில் போக 14 மில்லிமீட்டர் துளை வேண்டும். அப்படி இரண்டு நாசில் வைத்தோம். கோடையில் ஒன்று, மழையில் இரண்டு. ஒரே பெரிய நாசிலை வைத்து வால்வால் பாதி மூடியிருந்தால், வால்விலேயே அழுத்தம் செத்துப்போய்ச் சக்கரத்துக்குச் சோர்ந்த தண்ணீர்தான் போயிருக்கும்.

"வெறும் 900 வாட்டா?" என்றார் தோட்டக்காரர். "ராத்திரி பகல் நிக்காம ஓடுதுங்கய்யா. ஒரு நாளைக்கு 21 யூனிட் வரும்" என்றேன். வீட்டு விளக்கு, ஃபிரிட்ஜ், தொழிலாளர் குடியிருப்பின் விளக்கு, டிவி எல்லாவற்றுக்கும் அது தாராளம். யாரும் உபயோகிக்காத நேரத்தில் மிஞ்சும் மின்சாரத்தைக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒரு ஹீட்டருக்குத் திருப்பிவிடுகிறது. இல்லையென்றால் சுமை குறைந்ததும் சக்கரம் வெறி பிடித்துச் சுழன்று வோல்டேஜ் ஏறிவிடும். குளிக்க வெந்நீர் இப்படித்தான் கிடைக்கிறது.

காப்பிப் பழத்தின் தோலுரிக்கும் பல்பருக்குத்தான் இடித்தது. அது 2 குதிரைத்திறன் மோட்டார், ஓடும்போது ஒன்றரை கிலோவாட். பழம் பறிக்கும் காலமும் ஓடை நிறைந்திருக்கும் காலமும் ஒன்றாக அமைந்தது தோட்டக்காரரின் அதிர்ஷ்டம், இரண்டு கிலோவாட் கையில் இருக்கும். ஆனால் இந்த வகை மோட்டார் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு கரன்ட் இழுக்கும், இரண்டு கிலோவாட் ஜெனரேட்டர் அதைத் தாங்காமல் படுத்துவிடும். நல்ல வேளை, பல்பர் கொட்டகை இயந்திர அறைக்குப் பக்கத்திலேயே இருந்தது. சக்கரத்தின் தண்டிலிருந்து நேராக பெல்ட் போட்டுவிட்டோம். ஜெனரேட்டர் இழப்பே இல்லாமல் தண்டில் 2.6 கிலோவாட் வரை கிடைக்கிறது. இலங்கையின் மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் மின்சாரம் பரவுவதற்கு முன்னால் ஓடைத் தண்ணீர் இப்படித்தான் பெல்ட் வழியாக உருளைகளைச் சுற்றியது.

ஓடவிட்ட பிறகு அளந்தது: ஒரு நாசிலில் 870 வாட், இரண்டு நாசிலில் 1.9 கிலோவாட். நாசிலுக்கு முன்னால் பொருத்திய கேஜ், ஒரு நாசில் திறந்தபோது 4.5, இரண்டும் திறந்தபோது 4.3 காட்டியது. குழாய்க் கணக்கு சரிதான் என்பதற்கு அதுவே போதும்.

அந்தக் கேஜை அங்கேயே விட்டுவரச் சொல்லியிருந்தேன், ஏனென்றால் மின்சாரம் குறையும்போது எங்கே கோளாறு என்று அதுதான் சொல்லும். வெளிச்சம் மங்கி, கேஜும் 4.5-லிருந்து இறங்கினால் கோளாறு கேஜுக்கு மேலே: வடிகட்டியில் சில்வர் ஓக் சருகு அப்பியிருக்கும், அல்லது தொட்டி வற்றிக் குழாய் காற்றை இழுக்கும். காற்று என்றால் முள் துடிக்கும், நாசிலின் சீறலும் விட்டு விட்டுக் கேட்கும். வெளிச்சம் மங்கி, கேஜ் மட்டும் 4.6-ஐ நோக்கி ஏறினால் நாசில் வாயில் கூழாங்கல்லோ குச்சியோ மாட்டியிருக்கிறது.

ஒரு கேள்வி பாக்கி இருந்தது. 6.2 லிட்டர் ஒரு வருஷத்துக் கோடை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து மறு வருஷம் தமிழ்நாடு முழுக்க வறட்சி வந்தபோது இந்த ஓடை எப்படி இருந்தது? நோட்டில் மட்டம் குறித்த அதே ஆள், அப்போது தண்ணீர் எந்தக் கல் வரை இருந்தது என்று காட்டினார். அதை வைத்து, பலகை மட்டம் 9 சென்டிமீட்டருக்கு இறங்கியிருக்கும் என்று கணித்தோம்: 3.3 லிட்டர். ஓடைக்கு ஒன்றரையை விட்டால் தொட்டிக்கு 1.8. அந்த நிலையில் 14 மில்லிமீட்டர் நாசிலைத் திறந்தால் தொட்டி வேகமாக வற்றிவிடும். அதற்காக 9 மில்லிமீட்டர் துளையுள்ள நாசில் ஒன்றைக் கூடுதலாகச் செய்து வாங்கினோம். அதை மாட்டினால் நீரில் இருப்பது 800 வாட், இவ்வளவு குறைந்த சுமையில் ஜெனரேட்டர் திணறுவதால் கைக்கு வருவது 300-க்கும் கீழே. அந்த மாதங்களில் ஃபிரிட்ஜை லைன் கரன்டில் போட்டுக்கொண்டு, ஓடையை விளக்குக்கு மட்டும் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு.